மருத்துவர் 12 மணிக்கு எழுந்துவிடுவார், சிக்பேட்டை 11 மணிக்குத்தான் கண் திறக்கும்

கேள்வி: கிருஷ்ணகிரியில் தையல் கடை வைத்திருக்கிறேன். லைனிங் துணி, லேஸ், பொத்தான் எல்லாம் பெங்களூரு சிக்பேட்டையில்தான் எடுப்பேன். இந்த முறை அங்கே வேறு வேலைகளும் சேர்ந்துவிட்டன. அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டை ஜெயதேவா மெட்ரோ நிலையம் அருகே இருக்கும் ஒரு மருத்துவமனையில் காட்ட வேண்டும். மருத்துவர் 10 முதல் 12 வரை மட்டுமே பார்ப்பார், நான் மட்டும் போனால் போதும் என்கிறார்கள். ஜெயநகரில் உள்ள வங்கிக் கிளையில் என் பழைய கணக்குக்கு நாமினி மாற்ற நேரில் போக வேண்டும். மகனின் லேப்டாப் திரை உடைந்திருக்கிறது, எஸ்.பி. சாலையில் 3 மணி நேரத்தில் மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் தம்பியிடம் ஒரு பத்திரத்தை வாங்க வேண்டும். அவன் 1 முதல் 2 வரை அல்லது மாலை 6 மணிக்கு மேல்தான் வெளியே வர முடியும். கே.ஆர். மார்க்கெட்டில் பூவும் வாங்க ஆசை. பக்கத்தில் இருப்பதை முதலில் முடித்துக்கொண்டே போகலாம் என்பது என் எண்ணம். கடைசி வரை போய்விட்டுத் திரும்பும்போது ஒவ்வொன்றாக முடிக்கலாம் என்கிறார் கணவர். யார் சொல்வது சரி? ஒரே நாளில் முடியுமா?

— வாசகி, கிருஷ்ணகிரி

பதில்:

ஒரே நாளில் முடியும். பூவை மட்டும் விட்டுவிடுங்கள். ரோஜா விளையும் ஓசூரைத் தாண்டி, பெங்களூரில் பூ வாங்கி, அதை நாள் முழுக்கக் கையில் வைத்து வாடவிட்டுத் திரும்பக் கொண்டுவருவதில் லாபம் ஒன்றும் இல்லை. கே.ஆர். மார்க்கெட்டின் பூ வியாபாரம் விடியற்காலையில் சூடுபிடித்து, வெயில் ஏற ஏற அடங்கிவிடும். நீங்கள் அங்கே போய்ச் சேரும் நேரத்தில் நல்ல சரக்கு போயிருக்கும்.

யார் சொல்வது சரி என்பதற்கு வருகிறேன். ஓசூரிலிருந்து பெங்களூருக்குப் போகும் சரக்கு வேன்களுக்கு, எந்தக் கடையில் எத்தனை மணிக்கு இறக்க வேண்டும் என்று வழி வகுத்துக் கொடுப்பது என் தொழில். இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் எல்லோரும் வரைபடத்தைத்தான் முதலில் விரிப்பார்கள். கொஞ்ச நாளில் கடிகாரத்தை முதலில் பார்க்கப் பழகிவிடுவார்கள். இரண்டு கடைகளுக்கு இடையே 3 கிலோமீட்டரா 5 கிலோமீட்டரா என்பதில் போவது கால் மணி நேரம். அடைத்த கதவுக்கு முன்னால் போய் நின்றால் போவது ஒன்றரை மணி நேரம், சில சமயம் அந்த நாளே. நீங்களும் கணவரும் தூரத்தை வைத்துத்தான் வாதாடியிருக்கிறீர்கள். உங்கள் பட்டியலில் இருப்பவை பெரும்பாலும் நேரச் சிக்கல்கள்.

அதற்கு முன் ஒரு நல்ல செய்தி. நீங்கள் குறிப்பிட்ட இடங்கள் அத்தனையும் ஒரே கோட்டில் இருக்கின்றன. 2025 ஆகஸ்ட்டில் திறந்த மஞ்சள் தட மெட்ரோ, பொம்மசந்திராவில் தொடங்கி, ஓசூர் சாலையை ஒட்டியே எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு வழியாக ஜெயதேவா வந்து, ஆர்.வி. ரோடு நிலையத்தில் முடிகிறது. அங்கே பச்சைத் தடத்துக்கு மாறினால் அடுத்த நிலையம் ஜெயநகர். அதே ரயில் லால்பாக் வழியாகக் கே.ஆர். மார்க்கெட், சிக்பேட்டை என்று போய்க்கொண்டிருக்கும். பொம்மசந்திராவிலிருந்து சிக்பேட்டை வரை ஒரே ஒரு மாற்றம்தான். கிருஷ்ணகிரியிலிருந்து போகும் பஸ்ஸும் பொம்மசந்திராவைத் தாண்டித்தான் நகரத்துக்குள் போகிறது.

இடங்கள் ஒரே கோட்டில் இருந்தால் ஒரு வசதி உண்டு. கடைசி முனையைத் தவிர மற்ற எல்லா இடங்களையும் இரண்டு முறை கடப்பீர்கள், போகும்போது ஒரு முறை, திரும்பும்போது ஒரு முறை. ஆகவே ஒவ்வொரு வேலைக்கும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இது போகும் வழி வேலையா, திரும்பும் வழி வேலையா? உங்கள் வழி எல்லாவற்றையும் போகும்போதே முடிக்கப் பார்க்கிறது. கணவரின் வழி எல்லாவற்றையும் திரும்பும்போது முடிக்கப் பார்க்கிறது. வேலைகளை இரண்டு பக்கமும் பிரித்துப் போட்டால் கணக்கு சரியாக வரும்.

பிரிப்பதற்கு முன் ஒரு தாளில் ஒவ்வொரு வேலைக்கும் நேராக நான்கு விவரங்களை எழுதுங்கள். எத்தனை மணிக்குத் திறக்கும், எத்தனை மணிக்கு மூடும், அங்கே எவ்வளவு நேரம் ஆகும் என்பவை முதல் மூன்று. நான்காவதைத்தான் பலரும் எழுதுவதில்லை. அந்த வேலையை முடிக்க ஒருமுறை போனால் போதுமா, விட்டுவிட்டுத் திரும்ப வந்து வாங்க வேண்டுமா? உங்கள் லேப்டாப் இந்த இரண்டாம் வகை. அது ஒரு வேலை போலத் தோன்றினாலும் இரண்டு வேலை. போய்க் கொடுப்பது ஒன்று, 3 மணி நேரம் கழித்து வாங்குவது மற்றொன்று. நடுவில் வரும் அந்த 3 மணி நேரத்தை நிரப்ப, பக்கத்திலேயே அதே அளவு நேரம் பிடிக்கும் வேறொரு வேலை வேண்டும். எஸ்.பி. சாலையிலிருந்து சிக்பேட்டை நடந்து போகும் தூரம்தான். துணி எடுக்க உங்களுக்கு எப்படியும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரண்டும் இயல்பாகவே பொருந்திக்கொள்கின்றன, ஆனால் லேப்டாப்பைக் கொடுத்த பிறகுதான் துணிக்கடைக்குள் நுழைய வேண்டும். முதலில் துணி, பிறகு லேப்டாப் என்று மாற்றிவிட்டால் இரண்டு மணி நேரமும் அதன் மேல் மூன்று மணி நேரமும் கூடி, இருட்டும் வரை அங்கேயே இருக்க வேண்டியதுதான்.

இப்போது இறுக்கமான வேலை எது என்று பாருங்கள். வங்கி 10 முதல் 4 வரை திறந்திருக்கும். துணிக்கடைகள் 11 மணிக்குத் திறந்து இரவு 8 வரை இருக்கும். எஸ்.பி. சாலையும் ஏறத்தாழ அப்படித்தான். மருத்துவருக்கு மட்டும் இரண்டே மணி நேரம். அதிலும் 11.55க்குப் போய் நின்றால் 'நாளைக்கு வாருங்கள்' என்பார்கள். ஆகவே மருத்துவமனையை முதலில் ஆணியடித்து வைத்துவிட்டு, மற்றவற்றை அதற்கு முன்னும் பின்னும் வையுங்கள். எங்கள் தொழிலிலும் அப்படித்தான் செய்வோம். காலை 9 முதல் 10 வரை மட்டும் சரக்கு எடுத்துக்கொள்ளும் கடை இருந்தால், அது எத்தனை தொலைவில் இருந்தாலும் வண்டியின் நாள் அதிலிருந்துதான் தொடங்கும்.

கணவரின் திட்டத்தை இந்தத் தாளில் வைத்துப் பாருங்கள். காலை 6.15க்குப் பஸ் ஏறினால் 8.30 வாக்கில் பொம்மசந்திரா, 9.45க்குச் சிக்பேட்டை. பெரும்பாலான கடைகளில் ஷட்டர் ஏறியிருக்காது. 11 மணிக்கு லேப்டாப்பைக் கொடுத்து, துணி எடுத்து, 2 மணிக்குத் திரும்ப வாங்குகிறீர்கள். அதற்குள் மருத்துவர் போயிருப்பார். வங்கிக்கு நேரம் இருக்கும், ஆனால் லேப்டாப் அரை மணி நேரம் தாமதமானாலும் வங்கியில் நெஞ்சு படபடக்க நிற்க வேண்டியிருக்கும். உங்கள் திட்டம் இதைவிட நன்றாக இருக்கிறது. அது உடைவது ஒரே ஓர் இடத்தில், தம்பியிடம். எலக்ட்ரானிக் சிட்டி முதலில் வருகிறது என்று காலை எட்டே முக்காலுக்கு அங்கே இறங்கினால் அவரால் வெளியே வர முடியாது. அதனால் தம்பியைத் திரும்பும் வழிக்கு மாற்றுங்கள். பகல் 1 முதல் 2 வரை என்ற இன்னொரு வாய்ப்பை மறந்துவிடலாம், அந்த நேரத்தில் நீங்கள் கோட்டின் மறுமுனையில் இருப்பீர்கள்.

இனி நாளைக் கணக்கிடுவோம். நேரங்களைச் சற்றுத் தாராளமாகவே போட்டிருக்கிறேன்.

மருத்துவரின் வாசலில் 9.30க்கு இருக்க வேண்டும், டோக்கனில் முன்னால் வருவதற்காக. அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பொம்மசந்திராவிலிருந்து ஜெயதேவா நிலையம் வரை ரயிலில் அரை மணி நேரம். மஞ்சள் தடம் தொடங்கியபோது 25 நிமிடத்துக்கு ஒரு ரயில்தான் ஓடியது. பிறகு இடைவெளி குறைந்துகொண்டே வந்திருக்கிறது. என்றாலும் பை பரிசோதனை, ரயிலுக்குக் காத்திருப்பது, வெளியே வந்து நடப்பது ஆகியவற்றுக்கு இன்னொரு அரை மணி நேரம் வையுங்கள். அப்படியானால் 8.30க்குப் பொம்மசந்திராவில் இறங்க வேண்டும். ஓசூர் ஊருக்குள்ளும், அத்திப்பள்ளி, சந்தாபுரா பகுதிகளிலும் காலையில் நெரிசல் இருக்கும். அதையும் சேர்த்து பஸ்ஸுக்கு இரண்டேகால் மணி நேரம். கிருஷ்ணகிரியில் 6.15 பஸ். இதற்கு முன்னால் கிளம்பினால் பெங்களூரில் அடைத்த கதவுகளைத்தான் பார்ப்பீர்கள். காலை 8 முதல் 10 வரை உங்கள் பட்டியலில் எதுவுமே திறக்காது என்பதால், அந்த நேரத்தைப் பயணத்துக்கும் டிபனுக்கும் கொடுத்துவிடுவதுதான் சரி.

பஸ்ஸில் ஏறும்போதே கண்டக்டரிடம் பொம்மசந்திராவில் நிற்குமா என்று கேட்டுவிடுங்கள். சில பஸ்கள் நேரே எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஏறி, சில்க் போர்டு அருகேதான் இறங்கும். தூங்கிவிட்டால் அங்கே போய்தான் விழிப்பீர்கள். அப்படி ஆனாலும் பெரிய நஷ்டமில்லை, சில்க் போர்டிலும் அதே தடத்தின் நிலையம் இருக்கிறது. ஆனால் அந்தச் சந்திப்பைக் காலை 9 மணிக்குப் பஸ்ஸில் கடப்பது எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மருத்துவர் வேலை 11 மணிக்கு முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஜெயதேவாவிலிருந்து இரண்டாவது நிலையம் ஆர்.வி. ரோடு. அங்கே மாறி, அடுத்த நிலையமான ஜெயநகரில் இறங்கினால், வாசலிலிருந்து வாசல் 35 நிமிடம். 11.35க்கு வங்கி. நாமினி படிவத்தை வீட்டிலேயே நிரப்பி, பாஸ்புக், ஆதார் நகலோடு போனால் 40 நிமிடம் போதும். 12.15க்கு வெளியே வருகிறீர்கள். வங்கியில் ஒரு விஷயத்தை முதல் நாளே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்: நாமினி மாற்றத்தில் கையெழுத்திடும் அதிகாரி அன்று இருப்பாரா? கிளை திறந்திருப்பதும் உங்கள் வேலையைச் செய்பவர் இருக்கையில் இருப்பதும் ஒன்றல்ல.

ஜெயநகரிலிருந்து கே.ஆர். மார்க்கெட் நான்காவது நிலையம். நடையும் சேர்த்து 12.50க்கு எஸ்.பி. சாலையில் இருப்பீர்கள். லேப்டாப்பைக் காட்டி, விலை பேசி, ரசீது வாங்கி 1.05க்குக் கொடுத்தால் 4.05க்குக் கிடைக்க வேண்டும். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். 1.45 முதல் 4 வரை சிக்பேட்டை. 4.15க்கு லேப்டாப்பை வாங்கி, கடையிலேயே கால் மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். திரை முழு வெள்ளையில் ஒரு முறை, முழுக் கருப்பில் ஒரு முறை. புள்ளியோ ஓரத்தில் ஒளிக் கசிவோ இருந்தால் அப்போதே சொல்லிவிட வேண்டும். கிருஷ்ணகிரிக்கு வந்த பிறகு அதற்காக இன்னொரு நாளைச் செலவிட முடியாது. 4.30க்குக் கிளம்பினால், மூட்டையோடு மெதுவாக நடந்தாலும் 6 மணிக்குள் பொம்மசந்திரா.

தம்பியை எலக்ட்ரானிக் சிட்டியில் சந்திக்க வேண்டாம். அங்கே இறங்கினால் நிலையத்தை விட்டு வெளியே வந்து, மீண்டும் டிக்கெட் எடுத்து, மீண்டும் பையைப் பரிசோதனைக்குக் கொடுத்து, அடுத்த ரயிலுக்குக் காத்திருக்க வேண்டும். நீங்கள் எப்படியும் வெளியே வந்தாக வேண்டிய இடம் பொம்மசந்திரா. எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து நான்காவது நிலையம்தான் அது. வேலை முடிந்ததும் அவரை அங்கே வரச் சொல்லுங்கள். அக்காவுக்காக நான்கு நிலையம் வரமாட்டாரா என்ன? 6.30 வாக்கில் பத்திரத்தை வாங்கிக்கொண்டு அங்கேயே பஸ் ஏறினால் 9 மணி சுமாருக்கு வீடு.

இந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்த இடம், மருத்துவர் தாமதித்தாலும் அது நிற்கிறது என்பதுதான். அவர் உங்களை 12 மணிக்குத்தான் விடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வங்கி 12.35 முதல் 1.15 வரை ஆகும். 4 மணி மூடும் நேரத்துக்கு இன்னும் வெகுதூரம். லேப்டாப்பை 2.05க்குக் கொடுத்து 5.05க்கு வாங்குவீர்கள். பொம்மசந்திராவுக்கு 7 மணி ஆகும். தம்பிக்கு 6 மணிக்கு மேல் எப்போதானாலும் சரிதான். காலையில் தொலைத்த ஒரு மணி நேரத்தை மாலை விழுங்கிக்கொள்கிறது, ஏனென்றால் மூடும் நேரம் இறுக்கமாக உள்ளவை முன்னாலும், மூடும் நேரமே இல்லாதது கடைசியிலும் இருக்கின்றன. இதே வேலைகளை வேறு வரிசையில் அடுக்கிப் பாருங்கள், அந்த ஒரு மணி நேரம் எங்காவது ஒரு கதவில் முட்டும்.

மருத்துவர் காலையில் இல்லாமல் மாலை 4 முதல் 6 வரை பார்ப்பவராக இருந்தால் இதே கோட்டில் திட்டம் தலைகீழாகும். 10 மணிக்கு வங்கி, 11க்கு லேப்டாப், பிறகு துணி, 2.15க்குக் கிளம்பித் திரும்பும் வழியில் மருத்துவமனை. அப்போது துணி மூட்டையோடு டோக்கன் வரிசையில் உட்கார வேண்டியிருக்கும், அது ஒன்றுதான் தொல்லை. அடுத்த மாதம் மருத்துவரின் நேரம் மாறினால் தாளை மறுபடி எழுதுங்கள், பழைய வரிசையையே பிடித்துக்கொண்டு போகாதீர்கள்.

கையில் இருக்கும் எடையும் வரிசையைத் தீர்மானிக்கிறது. அதனால்தான் சிக்பேட்டைக்குப் பிறகு உங்களுக்கு எந்த வேலையையும் நான் வைக்கவில்லை, தம்பியைத் தவிர. சிக்பேட்டைக்குள்ளேயும் இதைப் பாருங்கள். லைனிங் துணிதான் கனம். ஆனால் நிறம் பார்த்து எடுக்க வேண்டியது என்பதால், கண் களைப்படையாத நேரத்தில் முதலில் அதைத்தான் எடுக்க வேண்டும். வாடிக்கையாளர்களின் பிளவுஸ் துணியில் சிறு துண்டுகளை வெட்டி, ஓர் அட்டையில் பெயரோடு ஒட்டிக் கொண்டுபோங்கள். கடையின் டியூப் லைட்டில் அரக்கும் பழுப்பும் அண்ணன் தம்பி போலத் தெரியும். துணியை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் அட்டையோடு வைத்துப் பாருங்கள். மாலை 5 மணிக்கு மேல் அந்தச் சந்துகளில் இந்த வெளிச்சம் கிடைக்காது. துணிக்கு மூடும் நேரம் 8 என்று கடைப்பலகை சொன்னாலும், உங்கள் தொழிலுக்கு அது 5தான். எடுத்து முடித்துப் பணம் கட்டியதும், மூட்டையை அந்தக் கடையிலேயே வைத்துவிட்டு லேஸ், பொத்தான், ஃபால்ஸ் வாங்கப் போங்கள். பழகிய கடைக்காரர் மறுக்கமாட்டார். சிக்பேட்டையில் தமிழ் புரியாத கடையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும், சொல்லிப் புரியவைப்பது கடினமில்லை. கிளம்பும்போது மூட்டையை எடுத்துக்கொள்ளலாம். மெட்ரோவில் பையின் அளவுக்கும் எடைக்கும் வரம்பு உண்டு என்பதை மறக்காதீர்கள். இரண்டு கைப்பைகளுக்கு மேல் போனால், கடைக்காரரிடமே சொல்லி லாரி பார்சலில் கிருஷ்ணகிரிக்குப் போடச் சொல்லுங்கள்.

எந்த நாள் என்பதைப் பலரும் கடைசியில் யோசிக்கிறார்கள். மேலே சொன்ன எந்தக் கணக்கும் தவறான கிழமையில் செல்லாது. 2015 செப்டம்பரிலிருந்து இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் வங்கிகள் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை எஸ்.பி. சாலையும் மொத்த வியாபாரக் கடைகளில் பலவும் அடைத்திருக்கும். திங்கட்கிழமை வங்கியிலும் மருத்துவமனையிலும் இரண்டு நாள் கூட்டம் சேர்ந்து நிற்கும். மிஞ்சுவது செவ்வாய் முதல் வெள்ளி வரை. மாதத்தின் முதல் வாரத்தில் பென்ஷன் வாங்குபவர்களால் வங்கி நிரம்பும் என்பதால் அதையும் தள்ளிவையுங்கள்.

எல்லை தாண்டிப் போகிறவர்களுக்கு இன்னொரு கண்ணியும் இருக்கிறது. வீட்டுச் சுவரில் தொங்குவது தமிழ்நாட்டுக் காலண்டர். போகும் ஊர் கர்நாடகம். நவம்பர் 1 நமக்குச் சாதாரண வேலை நாள். அங்கே கன்னட ராஜ்யோத்சவம், வங்கி கிடையாது. யுகாதியும் அங்கே நம்மைவிடப் பெரிய பண்டிகை. மாட்டுப் பொங்கல் நமக்கு விடுமுறை, அங்கே சங்கராந்தி முடிந்த மறுநாள், வேலை நடக்கும். கடையை அடைத்துவிட்டு நீங்கள் போய் வர வசதியான நாள் அதுதான், வீட்டில் விட்டால். வரமகாலட்சுமி விரதத்துக்கு முந்தைய நாட்களில் சிக்பேட்டைப் பக்கமே போகாதீர்கள். நடக்க இடம் இருக்காது. இரண்டு மணி நேர வேலைக்கு நான்கு மணி நேரம் ஆகும்.

உங்கள் வீட்டில் ராகு காலம் பார்ப்பவர்கள் இருந்தால் அதையும் தாளில் எழுதிவிடுங்கள். நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை. ராகு காலத்தில் சரக்கு இறக்கவிடாத கடைக்காரர்கள் எங்கள் பட்டியலிலும் உண்டு. எங்களுக்கு அது இன்னொரு மூடும் நேரம், அவ்வளவுதான். வியாழன் என்றால் 1.30 முதல் 3 வரை. நீங்கள் துணி எடுக்கும் நேரத்தில் வந்து உட்காருகிறது. புதன் என்றால் 12 முதல் 1.30 வரை, லேப்டாப்பைக் கொடுக்கும் நேரம். செவ்வாய் 3 முதல் 4.30 வரை, அதற்குள் துணிக்கு விலை பேசி முடித்திருப்பீர்கள். ஆனால் செவ்வாய்க்கிழமையே ஆகாது என்பார்கள் சிலர். வெள்ளி 10.30 முதல் 12 வரை, அது மருத்துவருக்கும் வங்கிக்கும் போகும் நேரம். புதிதாக எதையும் வாங்குவதில்லை. என்னைக் கேட்டால் வெள்ளி.

கடைகளின் நேரத்துக்குக் கூகுள் மேப்பை நம்பிக் கிளம்பாதீர்கள். அதில் வழியும் பயண நேரமும் ஓரளவு சரியாக இருக்கும். திறக்கும் நேரம் என்பது யாரோ என்றோ போட்டது. '10 மணிக்குத் திறக்கும்' என்று காட்டும் மொத்த வியாபாரக் கடையில் 10 மணிக்குப் பையன் வந்து பெருக்கிக்கொண்டிருப்பான், முதலாளி 11 மணிக்கு வருவார், சாவியும் விலையும் அவரிடம் இருக்கும். முதல் நாள் மாலை நான்கு இடங்களுக்கும் போன் செய்யுங்கள். 'எத்தனை மணிக்குத் திறப்பீர்கள்' என்று கேட்டால் பலகையில் உள்ளதைத்தான் சொல்வார்கள். 'நாளைக்கு 1 மணிக்கு வந்தால் இந்த வேலை நடக்குமா' என்று கேளுங்கள்.

அந்தப் போன்களில் முக்கியமானது எஸ்.பி. சாலைக்குச் செய்வது. 3 மணி நேரம் என்று அவர்கள் சொன்னது, அந்தத் திரை கடையில் இருந்தால்தான். லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைப் படம் எடுத்து அனுப்பி, சரக்கு கையில் இருக்கிறதா, இல்லை வரவழைக்க வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். வரவழைக்க வேண்டும் என்றால் லேப்டாப்பை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். இருக்கிறது என்றால் எடுத்துச் செல்லுங்கள், கூடவே ஒரு வரம்பையும் வைத்துக்கொள்ளுங்கள். பகல் 2.30க்குள் அந்தக் கடைக்குப் போய்ச் சேர முடியாவிட்டால் அன்று லேப்டாப்பைக் கொடுக்க வேண்டாம். 5.30க்கு மேல் அதற்காகக் காத்திருந்தால் தம்பி, பஸ், வீடு எல்லாம் தள்ளிப்போகும். மற்ற நான்கு வேலைகளுக்கும் நீங்கள் பெங்களூரு போயே ஆக வேண்டும். திரையை மட்டும் சில நூறு ரூபாய் கூடக் கொடுத்தாவது ஓசூரில் மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. எதைக் கைவிடுவது என்பதை வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே முடிவு செய்துவிடுங்கள், ஏனென்றால் மெட்ரோவில் நின்றுகொண்டு யோசிக்கும்போது மகனின் முகம்தான் நினைவுக்கு வரும்.

தருமபுரியிலிருந்து இதே வேலையாகப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு ரயிலும் இருக்கிறது, கிருஷ்ணகிரிக்கு அது இல்லை. ஆனால் திரும்பும் ரயிலை நம்பினால் அதன் நேரமும் மருத்துவரின் நேரம் போல இறுகிவிடும். நாளை அதிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். லேப்டாப் போல எப்போது முடியும் என்று உறுதியில்லாத வேலை பட்டியலில் இருக்கும் நாளில், போகும்போது ரயிலும் வரும்போது பஸ்ஸும்தான் தோது.